முதல் வேலைக்கு இரண்டு ஆஃபர்: சம்பளத்தையும் கற்றலையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது எப்படி

இரண்டு ஆஃபர் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். "ஆறு லட்சத்தை விட்டுட்டு மூணரை லட்சத்துக்கு யாராவது போவாங்களாம்மா?" என்பார் அப்பா. "முதல் ரெண்டு வருஷம் காசைப் பார்க்காதே, வேலையைக் கத்துக்கோ" என்பார் காலேஜ் சீனியர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அப்பா சொல்லும் ஆறு லட்சம் அப்படியே கைக்கு வருவதில்லை. சீனியர் சொல்லும் கற்றலும், சின்ன நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாலே வந்துவிடுவதில்லை. சம்பளத்தை எப்படிக் கணக்குப் போடுகிறோமோ அதே கறாரோடு கற்றலையும் கணக்குப் போட்டால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன். நான் கோவையில் எம்பெடட் துறையில், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு புரோகிராம் எழுதும் துறையில், புதியவர்களை நேர்காணல் செய்கிற பக்கம் உட்கார்ந்திருப்பவன். அதனால் எடுத்துக்காட்டும் அங்கிருந்தே வருகிறது.

பேச்சுக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். ஊர் திருச்சிப் பக்கம், படிப்பு பி.இ., ஈசிஇ. சென்னை ஓஎம்ஆரில் உள்ள ஒரு பெரிய ஐடி சேவை நிறுவனம் ஆண்டுக்கு 6 லட்சம் சிடிசி தருகிறது. கோவையில் மோட்டார் கன்ட்ரோலர் செய்யும் நாற்பது பேர் நிறுவனம் ஒன்று 3.6 லட்சம் தருகிறது. கல்விக் கடன் 4 லட்சம். இந்தத் தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் கடிதத்தில் உள்ளதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சிடிசியைக் கைச்சம்பளமாக மாற்றுங்கள்

சிடிசி என்பது உங்களுக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு. அதில் உங்கள் கைக்கு மாதாமாதம் வராதவையும் சேர்ந்திருக்கும். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் அனெக்ஸர் என்று ஒரு அட்டவணை இருக்கும். அது இல்லாவிட்டால் ஹெச்ஆரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தப்பே இல்லை, தினமும் அவர்களிடம் பத்துப் பேர் கேட்கிற விஷயம்தான்.

சென்னை ஆஃபரைப் பிரிப்போம். 6 லட்சத்தில் 60,000 ரூபாய் வேரியபிள். ஆண்டு முடிந்து, நிறுவனமும் நீங்களும் எப்படிச் செய்தீர்கள் என்று பார்த்துத் தருவது. முழுதாக வரும் என்று எண்ணக் கூடாது. 30,000 ரூபாய் ஜாயினிங் போனஸ். ஒருமுறை மட்டும் வரும், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். நிறுவனத்தின் பிஎஃப் பங்கு மாதம் 1,800 வீதம் 21,600. இது உங்கள் பணம்தான், ஆனால் பிஎஃப் கணக்கில் போய் உட்காரும். கிராஜுவிட்டி என்று 11,544 ரூபாய் காட்டியிருப்பார்கள். அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்ற கணக்கில் வருவது அது. நிரந்தர ஊழியருக்கு அது கையில் வர ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். முதல் வேலையில் ஐந்தாண்டு இருக்கப் போகிறீர்களா என்பது உங்களுக்கே தெரியாது, அதனால் அதை இல்லாததாகவே வையுங்கள். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 8,856. இவற்றையெல்லாம் கழித்தால் மிச்சம் 4,68,000, அதாவது மாதம் 39,000. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,800, தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 200 போனால் கையில் 37,000.

ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஐம்பதாயிரம் என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள். பதின்மூன்றாயிரம் இங்கேயே குறைந்துவிட்டது.

கோவை ஆஃபரில் வேரியபிள் இல்லை, போனஸ் இல்லை. பிஎஃப், கிராஜுவிட்டி, காப்பீடு கழித்தால் மாதம் 27,000. பிஎஃப்பும் தொழில் வரியும் போகக் கையில் 25,000. சின்ன நிறுவனங்களின் சம்பளக் கட்டமைப்பு பெரும்பாலும் இப்படி எளிமையாகத்தான் இருக்கும். அதனால் சிடிசிக்கும் கைச்சம்பளத்துக்கும் இடையே இடைவெளியும் குறைவு. வருமான வரியைப் பற்றி இரண்டிலுமே கவலைப்பட வேண்டாம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை.

காகிதத்தில் மாத வித்தியாசம் 20,000. கையில் 12,000.

அடுத்து, இருக்கும் ஊரின் செலவு

இதில் உங்கள் ஊகத்தை நம்பாதீர்கள். சேரப்போகும் அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் இருக்கும் ஹாஸ்டல்கள் இரண்டு மூன்றுக்குப் போன் போட்டு, சாப்பாட்டோடு எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட் பில் தனியா என்று கேளுங்கள். நம் பெண் கேட்டபோது வந்த கணக்கு இப்படி என்று வைப்போம்.

| | சென்னை | கோவை |
|---|---|---|
| கைச்சம்பளம் | 37,000 | 25,000 |
| ஹாஸ்டல், சாப்பாடு | 9,000 | 6,500 |
| போக்குவரத்து | 3,500 | 1,500 |
| போன், துணிமணி, ஊருக்குப் போய்வர | 3,500 | 3,000 |
| மிச்சம் | 21,000 | 14,000 |

இருபதாயிரமாக இருந்த வித்தியாசம் ஏழாயிரமாகிவிட்டது. எல்லாருக்கும் இப்படிக் குறையாது. சென்னையிலேயே வீடு இருப்பவருக்கு வித்தியாசம் கூடவே செய்யும், ஏனென்றால் கோவைக்குப் போனால்தான் அவருக்கு ஹாஸ்டல் செலவு. பெங்களூரு ஆஃபர் என்றால் சென்னைப் பத்தியில் இருப்பதெல்லாம் இன்னும் ஏறும்.

இந்த மிச்சத்தில்தான் கல்விக் கடனும் வீட்டுக்கு அனுப்புவதும் வர வேண்டும். 4 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் பத்தாண்டில் கட்டினால் மாதத் தவணை சுமார் 5,300 வரும். பொதுவாக வங்கிகள் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்பதில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதனால் தவணை தொடங்கும் நாளில் பாக்கி எவ்வளவு நிற்கும் என்று வங்கியில் கேட்டு, அந்தத் தொகைக்குக் கணக்குப் போடுங்கள். இந்தப் பெண்ணுக்கு அது 4 லட்சம் என்று வைத்திருக்கிறேன். தவணை போக, வீட்டுக்கு மாதம் 5,000 அனுப்பினால், சென்னையில் 10,700 மிஞ்சும். கோவையில் 3,700.

இங்கே ஒரு கோடு போட வேண்டும். குறைந்த சம்பள வேலையில் எல்லாம் போக மிஞ்சுவது பூஜ்யத்துக்குக் கீழே போனால், கற்றலைப் பற்றிய பேச்சே வேண்டாம், அதிகச் சம்பளத்துக்குப் போங்கள். மாதக் கடைசியில் நண்பனிடம் ஐநூறு கேட்கிறவன் சாயங்காலம் உட்கார்ந்து டேட்டாஷீட் படிக்க மாட்டான். ஆறு மாதத்தில் எங்கே ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கும் என்று தேடிக் கிளம்பிவிடுவான், கற்றுக்கொள்ளப் போன இடத்தில் எதையும் முடிக்காமலே. கோடு தாண்டி 3,700 மிஞ்சினால், இறுக்கம்தான், ஆனால் தேர்வு செய்யும் சுதந்திரம் இருக்கிறது. முதல் ஆண்டு தவணை இல்லாததால் கொஞ்சம் மூச்சு விடலாம், அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சேர்த்து வைக்கலாம்.

இப்போது ஒன்றரை ஆண்டுக்கு மொத்த வித்தியாசம் என்ன? மாதம் 7,000 வீதம் 1,26,000. ஜாயினிங் போனஸ் 30,000. வேரியபிளில் எழுபது சதவீதம் வந்தது என்று வைத்தால் 42,000. கூட்டினால் 1,98,000. சரி, இரண்டு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். கோவை வேலையைத் தேர்ந்தெடுத்தால், கற்றலுக்காக அவள் கட்டுகிற ஃபீஸ் இது. அந்த இரண்டு லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டு வாங்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது.

கற்றலுக்கு ஒரு பட்டியல்

"எங்க கம்பெனியில நிறையக் கத்துக்கலாம்" என்று சொல்லாத ஹெச்ஆரை நான் பார்த்ததில்லை. அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் போய், உங்களுக்குப் பிடித்த வேலையில் 1 முதல் 3 ஆண்டு அனுபவம் கேட்கும் விளம்பரங்கள் பத்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாவது விளம்பரத்துக்கு மேல் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். எம்பெடட் வேலைக்கு அது பெரும்பாலும் இப்படி இருக்கும்: எம்பெடட் சி, ஏதாவது ஒரு மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்தில் கைப்பழக்கம், ஐ-டூ-சி, எஸ்பிஐ, கேன் மாதிரி புரோட்டோகால், ஏதாவது ஒரு ஆர்டிஓஎஸ், ஆசிலோஸ்கோப் வைத்துப் பிழை கண்டுபிடிப்பது, கிட் என்ற வெர்ஷன் கன்ட்ரோல். ஆறேழு வரிதான். இதுதான் உங்கள் பட்டியல். நாளைக்கு உங்களுக்குச் சம்பளம் தரப்போகும் ஆட்கள் தங்கள் வாயால் சொன்னது.

இப்போது ஒவ்வொரு ஆஃபருக்கும் ஒரு பத்தி போட்டு, முதல் பதினெட்டு மாதத்தில் இதில் எதை நான் கையால் செய்வேன் என்று டிக் போட வேண்டும். டிக் போட உங்களுக்குத் தகவல் வேண்டும். அதை ஹெச்ஆரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரியாது. உங்களை டெக்னிகல் ரவுண்டில் நேர்காணல் செய்தவரோடு பதினைந்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். "சார், சேர்றதுக்கு முன்னாடி வேலையைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் சரி என்பார்கள். மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

அவரிடம் நான்கு விஷயம் கேட்டால் போதும். முதல் மூன்று மாதம் எனக்கு என்ன வேலை தருவீர்கள்? நான் எழுதும் கோடை யார் பார்த்துத் திருத்துவார், அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம்? எனக்கு முன் இதே இடத்தில் சேர்ந்த ஃப்ரெஷர் இப்போது என்ன செய்கிறார்? கடந்த ஓராண்டில் இங்கிருந்து புதிதாக என்ன வெளியே போயிருக்கிறது?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். முதல் வேலையில் நீங்கள் கற்பதில் பெரும்பகுதி, பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடமிருந்து வருவது. "நீங்கதான் ஃபர்ம்வேர் முழுசையும் பார்த்துக்கணும், ஃபுல் ஓனர்ஷிப்" என்று சொன்னால் காதுக்கு இனிக்கும். உண்மையில், திருத்த ஆள் இல்லை என்று சொல்கிறார்கள். இன்டரப்ட் ரொட்டீனுக்குள் டிலே போடக் கூடாது என்று யாரும் சொல்லாத இடத்தில் இரண்டாண்டு இருந்தால், அந்தப் பழக்கத்தோடே இரண்டாண்டு அனுபவம் என்று ரெசுமேயில் எழுதிக்கொண்டு வருவீர்கள். நேர்காணலில் இப்படி வருபவர்களை அடையாளம் காண்பது கஷ்டமே இல்லை. பெரிய பெரிய வேலையாகச் சொல்வார்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் "இன்டர்நெட்ல பார்த்தேன், ஓடுச்சு" என்பார்கள். சின்ன நிறுவனம் கற்றுக்கொடுக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

முடிந்தால் அந்த நாற்பது பேர் நிறுவனத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். லேபைக் காட்டச் சொல்லுங்கள். மேசையில் புரோப் மாட்டிய நிலையில் ஓடும் போர்டு இருக்கிறதா, ஆசிலோஸ்கோப் ஒன்றாவது மூலையில் தூசி பிடிக்காமல் இருக்கிறதா என்பதெல்லாம் கண்ணில் படும். நான் பார்ப்பது ரிட்டர்ன் வந்த போர்டுகள் இருக்கும் ரேக்கை. வாடிக்கையாளரிடம் பழுதாகித் திரும்பி வந்த கன்ட்ரோலர்கள் அங்கே இருக்கும். நல்ல இடத்தில் ஒவ்வொரு போர்டிலும் ஒரு சின்னச் சீட்டு தொங்கும்: எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில், என்ன புகார், திறந்து பார்த்ததில் எது போயிருந்தது. "மழைக்கப்புறம் நின்னுடுச்சு, கனெக்டர்ல ஈரம், கோட்டிங் விட்டுப்போயிருக்கு" என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தால், அங்கே யாரோ உட்கார்ந்து காரணத்தைத் தேடுகிறார்கள் என்று பொருள். அந்த ஆளுக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் கிடைத்தால் இரண்டு லட்சம் ஃபீஸ் அதிகம் இல்லை. சீட்டே இல்லாமல் போர்டுகள் ஒரு அட்டைப்பெட்டியில் குவிந்து கிடந்தால், பழுதானதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு அனுப்புகிற இடம் அது. அங்கே அதே போர்டில் அதே கோடை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பெரிய நிறுவனத்தைப் பற்றியும் இதே பட்டியலோடு விசாரியுங்கள். அங்கே போய்ப் பார்க்க முடியாது, பார்த்தாலும் வரவேற்பறை மட்டும்தான் தெரியும். அதனால் கடந்த இரண்டு பேட்ச்சில் அங்கே சேர்ந்த உங்கள் கல்லூரி ஆட்களைப் பிடியுங்கள். பயிற்சி எத்தனை மாதம், அதில் தேர்வு உண்டா, தேறாவிட்டால் என்ன செய்கிறார்கள், பயிற்சி முடிந்து எத்தனை மாதம் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தீர்கள், கிடைத்த புராஜெக்ட் டெவலப்மென்ட்டா, டெஸ்டிங்கா, சப்போர்ட்டா என்று கேளுங்கள். ஒருவரிடம் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். ஒரே பேட்ச்சில் ஒருத்திக்கு நல்ல டீம் கிடைத்திருக்கும், அவளது அறைத்தோழி இரவு ஷிஃப்டில் சப்போர்ட்டுக்கு வரும் புகார் டிக்கெட்டுகளை மூடிக்கொண்டிருப்பாள். சேவை நிறுவனத்தில் எந்த புராஜெக்ட் என்பது உங்கள் கையில் இல்லை. நாலைந்து பேர் சொல்வதைக் கேட்டால் எந்தப் பக்கம் சாயும் என்று ஓரளவுக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் பட்டியல் எம்பெடட் பட்டியலாக இல்லாமல் ஜாவா, டேட்டாபேஸ், கிளவுட் என்று இருந்தால், பெரிய நிறுவனத்தின் பத்தியில்தான் டிக் அதிகம் விழலாம். அங்கே முறையான பயிற்சி உண்டு, கோட் ரிவ்யூ உண்டு, உள்ளுக்குள்ளேயே டீம் மாற வழியும் உண்டு. அப்போது சம்பளமும் கற்றலும் ஒரே பக்கம், யோசிக்க எதுவும் இல்லை. பட்டியலை முதலில் எழுதச் சொல்வது அதற்காகத்தான். ஈசிஇ படித்துவிட்டு எம்பெடடில் இருக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: இரண்டாண்டு சப்போர்ட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருவது கடினம். எங்களுக்கு வருகிற ரெசுமேக்களில் அப்படிப்பட்டதைப் பார்த்தால், இவரை ஃப்ரெஷர் சம்பளத்தில் எடுப்பதா, அனுபவ சம்பளத்தில் எடுப்பதா என்ற குழப்பத்திலேயே பாதிப் பேர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய மூன்று வரிகள்

முதலாவது, சேரும் தேதி. கடிதத்தில் தேதி இருக்கிறதா, "பின்னர் தெரிவிக்கப்படும்" என்று இருக்கிறதா? 2022இல் பட்டம் பெற்ற பலரை ஐடி நிறுவனங்கள் மாதக்கணக்கில், சிலரை ஓராண்டுக்கும் மேலாகக் காக்க வைத்தது இப்படித்தான். சென்னை நிறுவனம் நான்கு மாதம் தள்ளிப்போட்டால், அந்த நான்கு மாதத்தில் கோவையில் மிஞ்சியிருக்கக் கூடிய 56,000 ரூபாய் போகிறது. இரண்டு லட்சம் என்று போட்ட வித்தியாசத்தில் கால் பங்குக்கு மேல் அங்கேயே கரைந்துவிடும். லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று தலைப்பிட்டிருந்தால் அது ஆஃபர் லெட்டரே அல்ல, தருவதாக இருக்கிறோம் என்ற விருப்பம் மட்டும்தான்.

இரண்டாவது, பாண்டு. சின்ன நிறுவனங்கள் இரண்டாண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குவதுண்டு. "பாண்டெல்லாம் கோர்ட்டுல நிக்காதுடா" என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேலையை விட்ட பிறகு வேறு எங்கும் சேரக் கூடாது என்று தடுப்பதுதான் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை வேறு. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் செலவு அதிகம் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அதனால் எல்லாப் பாண்டும் எல்லாத் தொகையும் அப்படியே செல்லும் என்று பொருளில்லை. ஆனாலும் வழக்கு நடத்திப் பார்க்கிற நிலையில் ஒரு ஃப்ரெஷர் இருப்பதில்லை.

பாண்டு இருந்தால் இரண்டு மாற்றம் கேளுங்கள். தொகை மாதாமாதம் குறைய வேண்டும், அதாவது பன்னிரண்டாவது மாதம் விலகினால் பாதி. நிறுவனமே வேலையை விட்டு அனுப்பினால் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும். நியாயமான முதலாளி இரண்டுக்கும் ஒத்துக்கொள்வார். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்டாலோ, தொகை எழுதாத செக்கைக் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். அங்கே என்ன கற்றுத் தந்தாலும் வேண்டாம். சரிபார்ப்பதற்கு ஒரிஜினலைக் காட்டலாம், ஜெராக்ஸ் தரலாம், வைத்துக்கொள்ள விடக் கூடாது.

மூன்றாவது, நோட்டீஸ் காலம். பெரிய ஐடி நிறுவனங்களில் 90 நாள் சகஜம். ஒன்றரை ஆண்டில் வேறு வேலைக்குப் போகத் திட்டமிடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, மூன்று மாதம் காத்திருக்க எல்லா நிறுவனமும் தயாராக இருக்காது. நோட்டீஸ் காலத்துக்குச் சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகும் வழி இருக்கிறதா, அது உங்கள் உரிமையா, அவர்கள் விருப்பமா என்று படித்துப் பாருங்கள்.

நாற்பது பேர் நிறுவனம் என்றால் இன்னொன்றும் பார்க்கலாம். ஊழியர் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் Establishment Search என்று ஒரு பக்கம் உண்டு. நிறுவனத்தின் பெயரைப் போட்டால், எந்த மாதம் பிஎஃப் கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரும். நாற்பது பேர் என்று சொல்லிவிட்டு அங்கே பதினொன்று இருந்தால், மீதிப் பேர் யார் என்று கேளுங்கள். கான்ட்ராக்ட்டில் இருக்கலாம், காரணம் இருக்கலாம். மாதா மாதம் ஒழுங்காகக் கட்டாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டியிருந்தால், சம்பளமும் அப்படித்தான் வரும் என்று எதிர்பார்க்கலாம்.

எப்படி முடிவெடுப்பது

இப்போது ஒரே தாளில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்றரை ஆண்டுப் பண வித்தியாசம் ஒன்று, பட்டியலில் எத்தனை டிக் என்பது இன்னொன்று. நம் பெண்ணுக்குக் கோவையில் ஏழில் ஐந்து டிக், சென்னையில் ஒன்று என்று வந்தால், நான் கோவைக்குப் போகச் சொல்வேன். ஐந்துக்கு மூன்று என்றால் சென்னைக்குத்தான். இரண்டு டிக்குக்கு இரண்டு லட்சம் அதிகம். அந்த இரண்டையும் வார இறுதியில் ஒரு டெவலப்மென்ட் போர்டு வாங்கி வைத்துக்கொண்டு தானாகவே ஓரளவு கற்றுவிடலாம். தானாகக் கற்க முடியாதவை என்று பட்டியலில் சில இருக்கும், பழுதான போர்டில் காரணம் கண்டுபிடிப்பது மாதிரி. அந்த டிக்குக்கு இரட்டை மதிப்பெண் போடுங்கள்.

முடிவு எடுப்பதற்கு முன் கோவை நிறுவனத்திடம் ஒருமுறை சம்பளத்தைப் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. பெரிய நிறுவனத்தின் ஃப்ரெஷர் சம்பளம் பேட்ச்சுக்கே நிர்ணயித்தது, அங்கே பேரம் படியாது. சின்ன நிறுவனத்தில் முடிவெடுப்பவர் நேரில் இருப்பார். மற்ற ஆஃபரைக் காட்டி மிரட்டுகிற தொனி வேண்டாம். "சார், வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. அடுத்த வருஷம் லோன் கட்ட ஆரம்பிக்கணும். ஆறு மாசம் கழிச்சு என் வேலையைப் பார்த்து சம்பளத்தை ஒருமுறை திருத்த முடியுமா, அதை லெட்டர்ல போட முடியுமா?" என்று கேட்கலாம். உடனே ஏற்றச் சொல்வதைவிட இதற்குச் சரி சொல்ல அவருக்கு எளிது. வாயால் சொன்னது கணக்கில் வராது, கடிதத்தில் ஒரு வரி வர வேண்டும்.

இந்த விசாரணைக்கெல்லாம் ஒரு வாரம் பிடிக்கும். இரண்டு நாளில் பதில் வேண்டும் என்று மெயில் வந்தால், காரணம் சொல்லி ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். இரண்டு ஆஃபரும் கேம்பஸ் மூலம் வந்தவை என்றால் முதலில் பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் விதியைக் கேட்டுவிடுங்கள். ஒன்றை ஏற்ற பிறகு இன்னொன்றுக்குப் போக விடாத கல்லூரிகள் உண்டு.

வேண்டாம் என்று முடிவான ஆஃபருக்கு அன்றைக்கே மெயில் அனுப்புங்கள். நான்கு வரி போதும்: நன்றி, வேறு வாய்ப்பை ஏற்றிருக்கிறேன், சேர இயலாது, சிரமத்துக்கு வருந்துகிறேன். எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம் என்றெல்லாம் எழுத வேண்டாம். இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டு, சேரும் நாளில் போனை அணைத்துவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதால், அடுத்த ஆண்டு அதே கல்லூரிக்கு ஆள் எடுக்க வர அந்த நிறுவனம் யோசிக்கும்.

சேர்ந்த பிறகு பட்டியல் எழுதிய தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறாவது மாதம் அதை எடுத்து, டிக் போட்ட வரிகளில் எதை இதுவரை கையால் தொட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு வரியாவது ஆரம்பித்திருந்தால் சரி. ஒன்றுகூட இல்லையென்றால் அந்தத் தாளோடு போய் உங்கள் சீனியரிடம் பேசுங்கள், எந்த வேலை கொடுத்தால் இது வரும் என்று கேளுங்கள். ஒன்பதாவது மாதமும் அதே நிலை என்றால், பாண்டில் மீதி எவ்வளவு நிற்கிறது என்று கணக்குப் பார்த்துவிட்டு நௌக்ரி புரொஃபைலைப் புதுப்பிக்கலாம்.